தண்ணீர் மிஷினுக்குத் தனி மார்க், மாட்ட வந்தவருக்குத் தனி மார்க்

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் 21ஆம் தேதி இதே பக்கத்தில், நாங்கள் புதிதாக வாங்கிய ஆர்.ஓ. தண்ணீர் மிஷினைத் திட்டி எழுதியிருந்தேன். "ஐந்து வாரத்தில் மெம்ப்ரேன் போய்விட்டது, யாரும் இந்த மாடலை வாங்காதீர்கள், படித்த பையன் கடை என்று நம்பிப் போனேன்" என்றெல்லாம் எழுதினேன். எண்பது பேருக்கு மேல் அதற்கு வருத்தக் குறி போட்டீர்கள். அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். எடுத்தால் மட்டும் போதாது, ஏன் எடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நான் குறை சொன்ன மிஷின் மேலும் தப்பில்லை, குறை சொன்ன பையன் மேலும் தப்பில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. மகன் வாங்கிக் கொடுத்த டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் எங்கள் குழாயில் 1100 காட்டுகிறது. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு தடவை சிறுநீரகக் கல் வந்து போனதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. கேன் தண்ணீரைச் சுமந்து சுமந்து அவருக்கு இடுப்பும் போய்விட்டது. அதனால் ஜூன் மாதம் 10ஆம் தேதி, என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒரு பையனின் கடையில் இந்த மிஷினை வாங்கினேன். பெயர் வேண்டாம், அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

அவன் அன்றைக்கே ஒன்று சொன்னான். "டீச்சர், மிஷின் நல்ல மிஷின். ஆனா மாட்ட வர்றது என் ஆள் இல்ல, கம்பெனியோட ஏஜென்சி ஆளு. அதுல ஏதாச்சும்னா எனக்கு உடனே சொல்லுங்க." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். காதில் வாங்கவில்லை.

48 மணி நேரத்தில் வந்து மாட்டிக் கொடுப்போம் என்று குறுஞ்செய்தி வந்தது. வந்தது 14ஆம் தேதி, நான்காம் நாள் சாயந்திரம். பாவம், சின்னப் பையன். அன்றைக்கு எங்கள் வீடு அவனுக்கு ஆறாவது வீடாம். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மோர் கொடுத்தேன். சுவரில் துளை போட்டது நேர்த்தியான வேலை, மட்டம் பிசகாமல் மாட்டினான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. மண், தூசியைத் தடுக்க மிஷினுக்கு வெளியே ஒரு ஃபில்டர் வைப்பார்கள் இல்லையா, கண்ணாடி மாதிரி பவுல், உள்ளே வெள்ளைக் கேண்டில், அது எங்கள் பெட்டியில் இல்லை என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி 900 ரூபாய் வாங்கினான். பில் இல்லை. வேஸ்ட் தண்ணீர் பைப்பைச் சும்மா சிங்கில் தொங்கவிட்டான். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் கீழே விட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. "அதெல்லாம் வேணாம்மா, குடிக்கலாம்" என்றான். நான்தான் புத்தகத்தைப் பார்த்து வடித்துவிட்டேன்.

வேலை முடிவதற்கு முன்னாலேயே ஓ.டி.பி. கேட்டான். "ஒரு லிங்க் வரும்மா, அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க, இல்லன்னா எனக்கு அன்னைக்கு இன்சென்டிவ் கிடைக்காது" என்றான். பிள்ளை முகத்தைப் பார்த்து ஐந்து போட்டேன். முப்பத்தைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். தாமதம், பில் இல்லாத பணம், தொங்கும் பைப், வடிக்காத டேங்க் எல்லாமே என் கண் முன்னால் நடந்தவை. ஆனால் அவற்றை நான் எங்கேயும் குறிக்கவில்லை. ஐந்து ஸ்டார் போட்டேன். பிறகு கோபம் வந்தபோது அந்தக் கோபம் முழுவதையும் மிஷின் தலையில் கொட்டினேன். வகுப்பில் ஒரு பிள்ளை செய்த சேட்டைக்கு அதன் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு அடி விழுந்த கதைதான்.

முதல் ஒரு மாதம் அருமையாக ஓடியது. வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். 60. எட்டு லிட்டர் டேங்க் நாற்பது நிமிடத்தில் நிறையும். ஜூலை பாதியில் மெதுவாக ஆரம்பித்தது. ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம். மோட்டார் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ராத்திரி சமையல்கட்டில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி டக் டக் என்று சத்தம். நான் வெளி ஃபில்டரைப் பார்த்தேன். கேண்டில் அன்று வைத்தது போலவே வெள்ளை வெளேர் என்றிருந்தது. அப்படியானால் அடைப்பு இல்லை, கோளாறு மிஷினுக்குள்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

20ஆம் தேதி ஒரு தவறு செய்தேன். வாரன்டி அட்டையை எடுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, போனில் கம்பெனி பெயரையும் 'சர்வீஸ்' என்பதையும் போட்டுத் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன். மரியாதையாகப் பேசினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். ஆகா, மாட்ட நான்கு நாள், ரிப்பேருக்கு இரண்டு மணி நேரமா என்று எனக்குச் சந்தோஷம் வேறு.

அவர் வெளிக் கேண்டிலைப் பார்த்தார். "வெள்ளையா இருக்கு பாருங்க, இங்க பிரச்சினை இல்ல" என்றார். பிறகு ஒரு டம்ளரில் வேஸ்ட் பைப் தண்ணீரைப் பிடித்து மீட்டரை வைத்துக் காட்டினார். 1550. "குழாய்ல 1100, மிஷின்ல இருந்து 1550 வருது. மெம்ப்ரேன் போச்சும்மா. 3,800 ஆகும். வாரன்டில வராது" என்றார். எனக்குக் கை நடுங்கியது. கையில் அவ்வளவு இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றேன். வந்து பார்த்ததற்கு 350 ரூபாய், அதுவும் அவர் சொந்த எண்ணுக்குப் போனில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் காலையில்தான் அந்தப் பதிவை எழுதினேன்.

பதிவைப் பார்த்து அந்தக் கடைக்காரப் பையன் போன் பண்ணினான். கோபப்படவில்லை. "டீச்சர், கம்ப்ளெயின்ட் நம்பர் எஸ்.எம்.எஸ். வந்துச்சா?" என்று கேட்டான். வரவில்லை. "பில் குடுத்தாங்களா?" இல்லை. "அப்ப வந்தவர் கம்பெனி ஆளே இல்ல டீச்சர்." எனக்கு அது சாக்குப்போக்கு மாதிரித் தெரிந்தது. "உன் பொருளை வித்துட்டு இப்ப ஊர்ல உள்ளவனை எல்லாம் கை காட்டுறியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். நான் அப்படிப் பேசியதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் நானே இங்கே சொல்கிறேன்.

23ஆம் தேதி வாரன்டி அட்டையில் இருந்த எண்ணுக்கே பேசினேன். பத்து நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். மிஷினின் பின்பக்கத்துச் சீரியல் எண்ணைக் கேட்டார்கள். கம்ப்ளெயின்ட் எண் குறுஞ்செய்தியில் வந்தது. 25ஆம் தேதி மதியம் ஒருவர் வந்தார், நாற்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, "எத்தனை நாளா மெதுவா வருதும்மா? சத்தம் நின்னு நின்னு வருதா?" என்று கேட்ட பிறகுதான் பையைத் திறந்தார். அதற்குள்ளேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். குடிக்கிற குழாயில் ஒரு டம்ளர், வேஸ்ட் பைப்பில் ஒரு டம்ளர், சாதாரணக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து மூன்றையும் அளந்தார். 60, 1550, 1100. "வேஸ்ட்ல அதிகமாத்தான்மா இருக்கும். உப்பை எல்லாம் அங்கதானே தள்ளுது" என்றார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து லிட்டர் உள்ளே போனால் மூன்று லிட்டர் நல்ல தண்ணீர், ஏழு லிட்டர் வேஸ்ட். பத்து லிட்டரில் இருந்த உப்பு ஏறக்குறைய முழுவதும் அந்த ஏழு லிட்டருக்குள் போக வேண்டும். 1100ஐப் பத்தால் பெருக்கி, நல்ல தண்ணீரில் போன கொஞ்சத்தைக் கழித்து, ஏழால் வகுத்தால் 1550க்குப் பக்கத்தில் வருகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முப்பது வருடம் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரைக் காட்டிப் பயமுறுத்தியதும் மறந்து நின்றிருக்கிறேன். 1550 வந்தது மெம்ப்ரேன் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். அது கிழிந்திருந்தால் டேங்க் சீக்கிரம் நிறையும், குடிக்கிற தண்ணீரில்தான் எண் ஏறும்.

பிறகு இரண்டு பைப்பிலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தார். நல்ல தண்ணீரும் மெதுவாக வந்தது, வேஸ்ட்டும் மெதுவாக வந்தது. "மெம்ப்ரேன்ல உப்பு படிஞ்சு அடைச்சிருந்தா வேஸ்ட் நல்லா வேகமா போகும், குடிக்கிறது மட்டும் குறையும். ரெண்டும் குறைஞ்சா உள்ள வர்ற வழியிலதான் அடைப்பு. தண்ணி பத்தலன்னா மோட்டார் தானா நின்னுரும், கொஞ்சம் வந்தா ஓடும். அதான் அந்த டக் டக்" என்றார்.

"கேண்டில் வெள்ளையா இருக்கே தம்பி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பவுலைக் கழற்றி, கேண்டிலை எடுத்து, நடுவில் இருக்கிற ஓட்டையை என் பக்கம் திருப்பினார். உள்ளே களிமண் பூசினது மாதிரி செம்பழுப்புச் சேறு. கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெளிப்பக்கம் இட்லி மாதிரி வெள்ளை, உள்பக்கம் சேறு. பிறகு ஃபில்டரின் மேல் மூடியில் இருந்த அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினார். "இது இன், இது அவுட். மாட்டினவர் பைப்பை மாத்தி மாட்டிட்டார்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் கேண்டிலின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போய் நடு ஓட்டை வழியாக வர வேண்டும். வெளியே பரப்பு அதிகம், பஞ்சும் கொஞ்சம் தளர்வாக இருக்கும், அதனால் அழுக்கு பரவலாகத் தங்கும், வெளியிலிருந்து பார்த்தாலே நிறம் மாறுவது தெரியும். எங்கள் வீட்டில் தலைகீழ். அழுக்குத் தண்ணீர் நேராக நடு ஓட்டைக்குள் போய், அந்தச் சின்ன இடத்திலேயே படிந்து அடைத்துவிட்டது. வடிந்த நல்ல தண்ணீர்தான் பவுலுக்குள் நின்றிருக்கிறது. நான் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்ட வெள்ளை நிறம்தான் கோளாறைக் காட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு மாதத்தில் அந்தக் கேண்டில் கொஞ்சமாவது பழுத்திருக்க வேண்டும்.

இரண்டு பைப்பையும் மாற்றிப் போட்டு, புதுக் கேண்டில் வைத்தார். வேஸ்ட் பைப்பைச் சிங்கிலிருந்து எடுத்துப் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு விட்டார். அந்தத் தண்ணீரில் இப்போது தரை துடைக்கிறோம். கேண்டிலுக்கு 150 ரூபாய், ரசீது எழுதிக் கொடுத்தார். வந்ததற்குக் காசு இல்லை, வாரன்டி. டேங்க் நிறையும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு நிமிடம். அதன் பிறகுதான் ஓ.டி.பி. கேட்டார். ஸ்டார் எதுவும் கேட்கவில்லை.

இப்போது மார்க் விஷயத்துக்கு வருகிறேன். நாம் ரேங்க் கார்டில் தமிழுக்கு ஒரு கட்டம், கணக்குக்கு ஒரு கட்டம் போடுவோம். கணக்கில் தவறிய பிள்ளைக்குத் தமிழில் முட்டை போட மாட்டோம். ஆனால் பொருளுக்கு மார்க் போடும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறோம். மிஷின் ஃபேக்டரியில் செய்தது, இங்கே வாங்கினாலும் கோயம்புத்தூரில் வாங்கினாலும் அதேதான். மாட்ட வருகிறவர் அந்த ஊர் ஏஜென்சி ஆள். என் வீட்டுக்கு வந்த பையன் கோயம்புத்தூரில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அவன் செய்த தப்பைப் படித்து நீங்கள் மிஷினை ஒதுக்கினால் உங்களுக்கும் நஷ்டம், மிஷினுக்கும் நஷ்டம். அதே மாதிரி மிஷின் நன்றாக ஓடுகிறது என்று நான் எழுதினால், எங்கள் ஊரில் வாங்குகிறவர்களுக்கு அந்த 900 ரூபாய் விஷயம் தெரியாமல் போகும்.

ஒவ்வொன்றையும் எழுத வேண்டிய நேரமும் வேறு. மாட்டின வேலையை அன்றைக்கே பாதி எழுதலாம்: சொன்ன நாள் எது, வந்த நாள் எது, எவ்வளவு வாங்கினார், பில் உண்டா, டேங்கை வடித்தாரா, மூன்று டம்ளரையும் அளந்து காட்டினாரா. மீதியை ஒரு மாதம் கழித்துத்தான் எழுத முடியும், பைப் மாறியது எனக்குத் தெரிந்தது அப்போதுதானே. மிஷினைப் பற்றி எழுத, டேங்க் நிறைகிற நேரத்தையும் தண்ணீரின் எண்ணையும் முதல் நாளே குறித்து வைத்திருந்தால்தான் முடியும். எனக்கு நாற்பது நிமிடம், 60 என்று நினைவிருந்தது மகன் மீட்டரை வைத்து விளையாடியதால்தான். ஆனால் ஒன்று, மீட்டர் காட்டுவது கரைந்த உப்பை மட்டும்தான், கிருமியைக் காட்டாது. 60 வந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வீஸைப் பற்றி ஒரு கம்ப்ளெயின்டாவது கொடுத்துப் பார்க்காமல் எழுதவே முடியாது. கம்ப்ளெயின்ட் எண் வராமல் வந்தவருக்கு எந்தக் கட்டத்திலும் மார்க் போடாதீர்கள், அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையே இல்லை. அந்த 350 ரூபாய் போனது போனதுதான். நம்பர் மட்டும் காவல் துறையின் 1930க்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் என் கணக்கு இது. மிஷினுக்கு நூற்றுக்கு 80. குறைத்த இருபது, ஏழு லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கும், வெளி ஃபில்டரைப் பெட்டியிலேயே வைக்காததற்கும். மாட்டின வேலைக்கு 30, அதுவும் சுவர்த் துளைக்காக. சர்வீஸுக்கு 85, போனில் பத்து நிமிடம் காக்க வைத்தார்கள், இரண்டு நாள் கழித்து ஆள் வந்தார். ஏஜென்சிக்குப் பைப் மாறின விஷயத்தைப் படத்தோடு எழுதி அனுப்பினேன். பையன் பெயரைப் போடவில்லை. ஆறு வீடு ஓடுகிற பிள்ளை. அவனுக்கு அம்புக்குறியைச் சொல்லிக் கொடுங்கள், 900க்குப் பில் கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். 900க்கான பில் மூன்றாம் நாள் வந்தது. 750 என்று போட்டிருந்தது. மீதி 150ஐத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருநெல்வேலியில் என் நாத்தனார் இதே மாடலை வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தார். என் பதிவைப் படித்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, நாலாயிரம் கூடப் போட்டு வேறு வாங்கிவிட்டார். அண்ணி, உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன், தப்பு என்னுடையது. உங்கள் வீட்டு வெளி ஃபில்டரில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

கடைக்காரப் பையனிடம் நேரில் போனேன். கடையில் கூட்டம். எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன், எல்லோரும் படிக்கிற இடத்தில்தானே எழுதினேன். "விடுங்க டீச்சர், நாலாம் வகுப்புல நான் பண்ணாததுக்கெல்லாம் வாங்கியிருக்கேன்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் கடையிலேயே இரண்டு கேண்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்து மாற்ற வேண்டிய நாளை அக்டோபர் 25 என்று காலண்டரில் குறித்திருக்கிறது. அதற்கு முன்னாலேயே வெளிப்பக்கம் பழுக்க ஆரம்பித்தால் முன்னாலேயே மாற்றிவிடுவேன். நேற்றுப் பார்த்தேன், லேசாகப் பழுப்பு ஏறியிருக்கிறது.